பூமி மேல பழி போடாதீங்க!

ஒரு சின்ன டெஸ்ட். இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி கையில ஒரு பேனா எடுத்துக்குங்க. பென்சில் வேண்டாம், பேனாதான். 'நிலா ஏன் தேயுது, ஏன் வளருது?'ன்னு ஒரே ஒரு வரியில இந்தப் பக்கத்தோட ஓரத்துலயே எழுதுங்க. யாரும் பார்க்க மாட்டாங்க. எழுதிட்டீங்களா? சரி, இப்ப என் கதைக்கு வாங்க.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ஃபைனல் இயர். என்.எஸ்.எஸ். கேம்ப்புக்காக ஏழு நாள் திருவண்ணாமலை பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். பகல்ல வாய்க்கால் தூர் வாருறது, சாயங்காலம் ஊர்ப் பசங்களுக்கு கிளாஸ் எடுக்கிறது. "நீ பிசிக்ஸ்தானே? எட்டாங்கிளாஸுக்கு சயின்ஸ் எடு"ன்னு பி.ஓ. சார் என்னைத் தள்ளி விட்டுட்டார். இருபத்திரண்டு பசங்க. முதல் நாளே ஒரு பையன் எழுந்து, "நிலா ஏன்ணா தேயுது?"ன்னு கேட்டான்.

அட, இது ஒரு கேள்வியா? சாக்பீஸை எடுத்தேன். சூரியன், பூமி, நிலா மூணையும் வரைஞ்சேன். "பூமியோட நிழல் நிலா மேல விழுது. எவ்வளவு நிழல் விழுதோ அவ்வளவு நிலா மறைஞ்சு போகுது. முழுசா விழுந்தா அமாவாசை, நிழலே விழலைன்னா பௌர்ணமி." கைதட்டல் ஒண்ணுதான் குறை. இருபத்திரண்டு பேரும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

நீங்களும் ஓரத்துல இதையேதான் எழுதியிருந்தீங்கன்னா, கைகொடுங்க. நாம ரெண்டு பேரும் தப்பு!

இதை எனக்குப் புரிய வெச்சது புரொஃபசர் இல்லை. ரெட்டை ஜடை போட்ட ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணு. மறுநாள் கிளாஸ் ஆரம்பிச்சதும் மெதுவா கையைத் தூக்குச்சு. அதோட அம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில சுண்டல் விக்கிறாங்க. இதுவும் கூடப் போகுமாம்.

"அண்ணா, முந்தாநாள் பௌர்ணமிக்கு நாங்க கடை போடுறப்போ சூரியன் இந்தப் பக்கம் இறங்குச்சு. அப்பவே நிலா எதிர்ப் பக்கம் ஏறுச்சு. எப்பவும் அப்படித்தான். அப்ப நாம நடுவுலதானே இருக்கோம்?"

"ஆமாம்மா."

"அப்ப அன்னிக்குத்தானேண்ணா நம்ம நிழல் நிலா மேல விழணும்? அன்னிக்குத்தான் முழுசா வெளிச்சமா இருக்கு!"

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. "நாளைக்குச் சொல்றேன்"ன்னு சமாளிச்சேன். போர்டுல நான் வரைஞ்ச படம் என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சத்தியமா சொல்றேன், ஆப்டிக்ஸ் பேப்பர்ல 86 மார்க் வாங்கினவன் நான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ரூம்மேட்டை எழுப்பி டார்ச்சைக் கையில குடுத்தேன். நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்தினேன். அவன் எனக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு நினைச்சான். ஆனா பழம் உண்மையைச் சொல்லிருச்சு. டார்ச் வெளிச்சம் எப்பவும் பழத்தோட பாதியில படுது. இன்னொரு பாதி எப்பவும் இருட்டு. அந்த இருட்டுக்கு என் தலை காரணமே இல்லை. வெளிச்சமான பாதியில எவ்வளவு என் பக்கம் திரும்பியிருக்குங்கிறதுதான் பிறை. அவ்வளவுதான் விஷயம்!

மறுநாள் காலையில அந்த ஸ்கூல் சயின்ஸ் டீச்சர்கிட்ட போய் அசடு வழிஞ்சேன். அவங்க சிரிக்கலை. "நீங்க மட்டுமில்ல தம்பி"ன்னு ஒரு விஷயம் சொன்னாங்க. 1987-ல 'எ பிரைவேட் யூனிவர்ஸ்'னு ஒரு டாக்குமென்டரி வந்துச்சாம். அமெரிக்காவுல ஹார்வர்டு யுனிவர்சிட்டி பட்டமளிப்பு விழாவுக்கு கேமராவோட போய், கவுன் போட்டு நின்னவங்க, ஆசிரியர்கள்னு 23 பேர்கிட்ட, பருவங்கள் ஏன் மாறுது, நிலா ஏன் தேயுதுங்கிற மாதிரி கேட்டிருக்காங்க. 21 பேர் பதில்ல கோளாறு! அதுல நிழல் கதை சொன்னவங்களும் உண்டு.

"இன்னிக்கு சாயங்காலமே போய் சரியான பதிலைச் சொல்லிடறேன் டீச்சர்"னேன்.

"சொன்னா எழுதிக்குவாங்க. நேத்து தப்பை எழுதின மாதிரியே இதையும் எழுதிக்குவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்"னாங்க. "ஒரு பல்பு, ஒரு பந்து எடுத்துக்குங்க. ஆனா பார்க்கிறதுக்கு முன்னாடி என்ன தெரியும்னு பசங்களை வரையச் சொல்லுங்க. பேனாவுல. அடிக்கக் கூடாது. அப்பதான் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியும்."

நாலாம் நாள் சாயங்காலம் ஏழு மணி. ஜன்னலுக்கு வெளிய கும்மிருட்டு. பெஞ்சு மேல ஸ்டூல், ஸ்டூல் மேல ஹோல்டர்ல 60 வாட்ஸ் குண்டு பல்பு. ஷேடு எதுவும் கிடையாது. பல்பு பசங்களோட தலை உயரத்துக்கு வர்ற மாதிரி வெச்சேன். ஆறு சென்டிமீட்டர் தெர்மாகோல் பந்துகள் ஆறு வாங்கி, ஒவ்வொண்ணையும் ஒரு பென்சில் முனையில குத்தினேன். பல்புதான் சூரியன், பந்துதான் நிலா, உங்க தலைதான் பூமி. ஒரு தடவைக்கு ஆறு பேர்தான். அதுக்கு மேல போனா ஒருத்தர் நிழல் இன்னொருத்தர் பந்து மேல விழுந்து, எல்லாம் குழம்பிடும். நோட்டுல நாலு கட்டம் போடச் சொன்னேன்.

முதல் கேள்வி. பல்பைப் பார்த்து நின்னு, பந்தைக் கையை நீட்டிப் பிடிச்சு, பல்புக்கு நேரா கொண்டு போனா, பந்துல உங்களுக்கு என்ன தெரியும்? எல்லாரும் கட்டத்தைக் கறுப்பா அடிச்சாங்க. செஞ்சு பார்த்தாங்க. கறுப்புதான். வெளிச்சம் படுற பாதி பல்பு பக்கம் இருக்கு, நமக்குத் தெரியறது முதுகு. இதுதான் அமாவாசை. "நம்ம நிழல் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பின்னாடி சுவத்துல! பந்துக்கும் நிழலுக்கும் சம்பந்தமே இல்லை. நான் முதல் நாள் எழுதிப் போட்ட 'முழுசா நிழல் விழுந்தா அமாவாசை' அங்கயே காலி. ரெட்டை ஜடை என்னைப் பார்த்துச்சு. நான் தரையைப் பார்த்தேன்.

ரெண்டாவது கேள்வி. அப்படியே இடது பக்கமா கால் சுத்து திரும்புங்க. பந்து மூக்குக்கு நேரா, பல்பு வலது காதுக்கு நேரா. இப்ப என்ன தெரியும்? திரும்பறதுக்கு முன்னாடி வரைங்க.

இங்கதான் சுவாரஸ்யம். பாதிப் பேருக்கு மேல முழு வட்டம் வரைஞ்சிருந்தாங்க. "ஏண்டா?"ன்னா, "தலை நடுவுல இல்லையேண்ணா, நிழல் எப்படி விழும்? அப்ப முழுசாத்தானே தெரியணும்?"னு கேக்கிறாங்க. யோசிச்சா நியாயமான பதில். நிழல் கதையை நம்பினா இங்க முழு நிலாதான் வந்தாகணும். நான் சொல்லிக்குடுத்த பாடத்தை என்னைவிட ஒழுங்கா யோசிச்சிருந்தாங்க பசங்க.

திரும்பினாங்க. "டேய், பாதிடா!"ன்னு ஒரே சத்தம். வலது பக்கம் வெளிச்சம், இடது பக்கம் இருட்டு. "யாரு நிழல் இது?" பந்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. யாரும் குறுக்க இல்லை. கடைசியா ஒருத்தன், "பந்தோட நிழல் பந்து மேலயே விழுது"ன்னான். முன் பக்கம் வெயில் பட்டா பின் பக்கம் இருட்டு, வீட்டுச் சுவர் மாதிரி. அவ்வளவுதான்.

ஆனா ஒரு குரூப்புக்கு மட்டும் பாதி வரலை, பாதிக்கும் மேல வெளிச்சமா தெரியுதுன்னாங்க. போய்ப் பார்த்தேன். உண்மைதான்! இடம் பத்தாம அவங்க பல்புலேர்ந்து ஒரு மீட்டர் தூரத்துல நின்னுட்டாங்க. கையை அரை மீட்டர் நீட்டினா, பல்பு தூரத்துல பாதிக்கு நிலா போயிடுது. அப்ப பல்பு வெளிச்சம் பந்து மேல பக்கவாட்டுல படாம, கொஞ்சம் நம்ம பக்கத்துலேர்ந்தும் படுது. மூணு மீட்டர் தள்ளி நிக்க வெச்சதும் ஏறக்குறைய பாதி வந்துருச்சு. நிஜத்துல சூரியன், நிலாவைவிட கிட்டத்தட்ட 390 மடங்கு தள்ளி இருக்கு. அதனால அங்க இந்த வம்பு கிடையாது. நீங்க செஞ்சு பார்க்கிறப்போ பாதி சரியா வரலைன்னா, முதல்ல பல்புலேர்ந்து தள்ளிப் போங்க.

மூணாவது கேள்வி. இன்னொரு கால் சுத்து. இப்ப பல்பு முதுகுக்குப் பின்னாடி. பந்து எப்படித் தெரியும்? ரெட்டை ஜடை தைரியமா முழு வட்டம் வரைஞ்சுது. மத்தவங்க பிரிஞ்சாங்க, சிலர் முழுசு, சிலர் கறுப்பு. நான் ஹீரோ மாதிரி, "இப்ப திரும்புங்க"ன்னேன்.

திரும்பினா... பந்து கறுப்பு! தலை நிழல் நேரா பந்து மேல. கறுப்பு அடிச்ச கோஷ்டி விசில் அடிக்குது. ரெட்டை ஜடை முகம் சுருங்கிப் போச்சு. எனக்கு வேர்த்து ஊத்துச்சு. சட்டுனு, "கையைக் கொஞ்சம் மேல தூக்குங்க, தலை நிழலுக்கு மேல"ன்னேன். தூக்கினதும் பளிச்சுன்னு முழு நிலா.

ஆனா ஒரு பையன் விடலை. "அண்ணா, இது போங்கு! நீங்க தூக்கச் சொன்னதாலதான் தெரியுது. நிஜ நிலாவை யாருண்ணா தூக்குறாங்க?"

சூப்பர் கேள்வி இல்லை? அன்னிக்கு என்கிட்ட பாதி பதில்தான் இருந்துச்சு. நிலா சுத்துற பாதை, பூமி சூரியனைச் சுத்துற தளத்துக்கு ஐந்து டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு தெரியும். ஆனா அரை மீட்டர் நீட்டின கையில ஐந்து டிகிரின்னா நாலரை சென்டிமீட்டர்தான். அதை வெச்சு நம்ம தலை நிழலைத் தாண்டவே முடியாது. அப்ப பையன் சொல்றது சரிதானே?

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பு தூரத்துல இருந்துச்சு. மறுநாள் காலையில எல்லாரையும் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு ஃபுட்பாலை பூமியா வெச்சேன், 22 சென்டிமீட்டர். நம்ம ஆறு சென்டிமீட்டர் பந்து அதுக்கு ஏத்த நிலா. "இப்ப நிலாவை எங்க வெக்கணும்? போய் நில்லுங்க"ன்னேன். ஆளுக்கு ஒரு ஜாண், ஒரு முழம்னு நின்னாங்க. போங்குன்னு சொன்ன பையன் தாராளமா ரெண்டு அடி தள்ளிப் போனான். டேப் பிடிச்சு அளந்து காட்டினேன், ஆறரை மீட்டருக்கும் கொஞ்சம் மேல! பூமியை முப்பது தடவை வரிசையா அடுக்கினா வர்ற தூரம். பசங்க வாயைப் பிளந்துட்டாங்க. எனக்கும் முந்தின ராத்திரி அதே கதைதான். புக்ல எல்லாப் படத்துலயும் நிலா பூமிக்குப் பக்கத்துலயேதானே ஒட்டிக்கிட்டு இருக்கு?

அவ்வளவு தூரத்துல அந்த ஐந்து டிகிரி என்ன ஆகும் தெரியுமா? நிலா கிட்டத்தட்ட அறுபது சென்டிமீட்டர் மேலயோ கீழயோ போகலாம். ஃபுட்பாலோட நிழல் அங்க போய்ச் சேருறப்போ பதினாறு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். பையனோட இடுப்புல அறுபது சென்டிமீட்டர் குச்சியைக் கட்டி, "பந்து குச்சி உச்சியில இருக்கு, நிழல் உன் பெல்ட்டுல விழுது. இப்ப யாரு போங்கு?"ன்னேன். சிரிச்சுட்டான். பெரும்பாலான பௌர்ணமியில நிலா நம்ம நிழலுக்கு மேலயோ கீழயோ நழுவிப் போயிடுது. பாதை குறுக்க வெட்டுற இடத்துல பௌர்ணமி வந்தா மட்டும் மாட்டிக்கும். அதுதான் சந்திர கிரகணம். அதாவது, நான் முதல் நாள் நடத்தினது கிரகணப் பாடம். தலைப்பை மட்டும் மாத்திப் போட்டுட்டேன்!

நாலாவது கட்டம் இன்னும் காலியா இருந்துச்சு. அதை வேணும்னேதான் பாக்கி வெச்சிருந்தேன்.

கடைசி கேள்வி இது. "நாளன்னிக்கு காலையில, கேம்ப் முடியற அன்னிக்கு, பௌர்ணமி போய் ஏழாவது நாள். காலை ஆறு மணிக்கு நிலா எங்க இருக்கும், எப்படி இருக்கும்?" பல்பு, பந்து வெச்சு நீங்களே கண்டுபிடிங்கன்னு விட்டுட்டேன். அன்னிக்கு சாயங்காலம் பல்பைச் சுத்தி ஒரே கூட்டம். முதுகு காட்டி நின்னு, அதே திசையில இன்னொரு கால் சுத்து திரும்பினா, பல்பு இடது காதுக்கு வருது. மூக்குதான் நம்ம ஊருன்னு வெச்சுக்கிட்டா இடது கை கிழக்கு, வலது கை மேற்கு. பல்பு கிழக்குல இருந்தா விடியக்காலை. பந்து மூக்குக்கு நேரா இருந்தா தலைக்கு மேல. ஆக, பாதி நிலா, ஆறு மணிக்கு உச்சியில. கொஞ்சம் கொஞ்சமா மேற்கே சாயும். "பகல்ல நிலாவா?"ன்னு நாலஞ்சு பேர் நம்பலை. அவங்க கட்டத்துல 'இருக்காது'ன்னு பேனாவுல எழுதினாங்க. நானும் அடிக்க விடலை.

ஏழாம் நாள். ஆறு மணிக்கு எழுந்திரிக்கிற ஆளா நாங்க? பஸ் வர்றதுக்கு முன்னாடி, எட்டு மணிக்கு கிரவுண்டுக்குப் போனா, இருபத்திரண்டு பேரும் அங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. கிழக்கே சூரியன் சுள்ளுன்னு ஏறியிருக்கு. உச்சியிலேர்ந்து கொஞ்சம் மேற்கே, நீல வானத்துல வெளுத்த பாதி நிலா. ரெண்டும் ஒரே வானத்துல. பூமி நம்ம காலுக்குக் கீழ. பூமி எப்படி நடுவுல போய் நிழல் போடும்? இத்தனை வருஷம் இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஒரு தடவை கூட கேக்கத் தோணலையே!

ரெட்டை ஜடை பந்து குத்தின பென்சிலை எடுத்துட்டு வந்திருந்துச்சு. வெயில்ல நின்னு, நிலாவுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி பந்தைத் தூக்கிப் பிடிச்சுது. "அண்ணா, இங்க வந்து பாருங்க!"

குனிஞ்சு, அதோட கண் உயரத்துலேர்ந்து பார்த்தேன். பந்துல பாதி வெளிச்சம். பக்கத்துல நிலாவுல பாதி வெளிச்சம். ரெண்டும் ஒரே பக்கம், ஒரே சாய்வு, அச்சு அசலா ஒரே வடிவம். ஒரே சூரியன், ஒரே திசையிலேர்ந்து, ரெண்டு பந்து மேலயும் படுது. அந்த நிமிஷம் நிலா படம் மாதிரி தெரியலை. தூரத்துல தொங்குற உருண்டையா தெரிஞ்சுது.

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. எல்லாரையும் நோட்டை எடுக்கச் சொல்லி, முதல் நாள் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். "நான் சொன்னது தப்பு. அதை அடிச்சிடுங்க"ன்னேன். வெட்கமாத்தான் இருந்துச்சு.

ரெட்டை ஜடை மட்டும் அடிக்கலை. "பேனாவுல எழுதினதை அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?"ன்னுச்சு. அதுக்குக் கீழயே ஒரு கோடு போட்டு, 'அண்ணா முதல்ல இப்படித்தான் நினைச்சாங்க'ன்னு எழுதி வெச்சுது. இன்னிக்கும் அந்த நோட்டு அந்த ஊர்ல எங்கயோ பத்திரமா இருக்கும். இருக்கட்டும்!

சரி, உங்க பேனாவைக் கீழ வெச்சிடாதீங்க. அமாவாசை முடிஞ்சு ஏழு நாள் கழிச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு நிலா எங்க இருக்கும்? எந்தப் பாதி வெளிச்சமா இருக்கும், கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா? ஹாஸ்டல்ல ஒரு பல்பும் ஒரு பந்தும் கிடைக்காமலா போயிடும்? முதல்ல ஓரத்துல எழுதுங்க. அப்புறம் சுத்துங்க. ஏழாம் நாள் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க.

எழுதினதை மட்டும் அடிக்காதீங்க, என்ன?